60 சதவீதம் எந்த மாதத்தில்?

*கேள்வி: நானும் என் கணவரும் எங்கள் வீட்டின் மாடியில் உள்ள நான்கு அறைகளைச் சீரமைத்து ஹோம்ஸ்டே நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையில் ஆண்டு முழுவதும் 60 சதவீதம் அறைகள் நிரம்பும் என்று போட்டிருக்கிறோம். அறிக்கை தயாரித்துக் கொடுத்தவர், "எல்லோரும் 60தான் போடுவார்கள்" என்றார். எனக்கு அது உறுத்துகிறது. இன்னும் ஒன்று: இப்போதே வேலையைத் தொடங்கினால் ஆஃப் சீசன் ஆரம்பிக்கும்போது வீடு தயாராகிவிடும். உடனே திறந்துவிடலாமா? — ஒரு வாசகி*

உறுத்தியது நல்லதுக்குத்தான். உங்கள் ஊரையோ உங்கள் வீட்டையோ பார்த்து வந்த எண் அல்ல அது. கடன் தவணையை அடைக்க எவ்வளவு வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் வந்து நிற்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வாரத்தின் ஏழு இரவுகளில் வெள்ளியும் சனியும் மட்டும் உங்கள் நான்கு அறைகளும் ஓர் இரவு விடாமல் ஆண்டு முழுக்க நிரம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஐந்து இரவுகளும் காலி. அப்போது ஆண்டுச் சராசரி என்ன? ஏழில் இரண்டு, அதாவது 29 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பார்ப்பவர்கள் "எப்போதும் ஹவுஸ்ஃபுல்லாக இருக்கிறதே" என்று பொறாமைப்படும் வீட்டின் கணக்கு இது. 60 வர வேண்டுமென்றால், அந்த வார இறுதிகள் அத்தனையும் நிரம்பியது போக, ஞாயிறு முதல் வியாழன் வரையுள்ள இரவுகளிலும் 44 சதவீதம் நிரம்ப வேண்டும். ஆஃப் சீசனில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு உங்கள் வீட்டில் வந்து தங்கப் போவது யார்? இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் 60ஐப் பற்றிப் பேசலாம்.

ஆகவே ஆண்டுச் சராசரியை முதலில் போட்டு மாதங்களுக்குப் பிரிக்காதீர்கள். கீழிருந்து கட்டி வாருங்கள். அளவுகோல் அறை-இரவு: ஓர் அறை ஓர் இரவுக்குப் போனால் ஒன்று. நான்கு அறைகளுக்கு 365 நாட்களில் 1460 அறை-இரவுகள். ஆண்டை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வார இறுதியை ஒரு பக்கமும் வார நாட்களை ஒரு பக்கமும் வையுங்கள். மொத்தம் ஆறு கட்டங்கள். ஒரு தாளில் அடங்கிவிடும்.

உதாரணத்துக்கு நானே ஒன்று போட்டுக் காட்டுகிறேன். சதவீதங்கள் என் கற்பனை. உங்களுடையதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். சீசன் மூன்று மாதங்கள், 90 நாட்கள் என்போம். வார இறுதியில் 90 சதவீதம், வார நாட்களில் 60. மொத்தம் 247 அறை-இரவுகள். அதற்கு முன் இரண்டும் பின் இரண்டுமாக நான்கு இடைப்பட்ட மாதங்கள். வார இறுதியில் 70, வார நாட்களில் 25. இதில் 185. மீதி ஐந்து மாதங்கள் ஆஃப் சீசன். வார இறுதியில் 35, வார நாட்களில் 8. இதில் 96. கூட்டினால் 528 அறை-இரவுகள். 1460இல் 36 சதவீதம்.

சீசனில் 90 என்று நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. கூட்டம் எவ்வளவு வந்தாலும் நான்கு அறைகளுக்கு மேல் விற்க முடியாது. ஐந்தாவதாகக் கேட்டு வருபவர் ஆஃப் சீசனுக்குத் தள்ளிப்போய் வருவதில்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். தவிர, ஒருவர் வியாழன் காலையில் காலி செய்ய, அடுத்தவர் வெள்ளி மாலை வந்தால் நடுவில் ஓர் ஒற்றை இரவு தொங்கும். குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தால் அந்த இரவு விற்கவே விற்காது. குழாய் ஒழுகும் அறையும் உறவினர் வந்து படுக்கும் அறையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கட்டங்களை நிரப்ப எண்களை எங்கிருந்து எடுப்பது? உங்கள் ஊரில் மூன்று நான்கு அறைகளோடு நடக்கும் பத்து வீடுகளை முன்பதிவுத் தளங்களில் தேர்ந்தெடுங்கள். ஹோட்டல்கள் வேண்டாம், அவற்றுக்கு அலுவலக வாடிக்கையாளர் உண்டு, உங்களுக்கு இல்லை. இனி வரப்போகும் ஏதாவது ஒரு வாரத்தை எடுத்து, அதையே மூன்று முறை பாருங்கள்: ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு, முந்தைய நாள். ஒரு தேதி மூடியிருந்தாலே விற்றுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஊருக்குப் போகும் உரிமையாளரும் தேதியை மூடுவார். இரண்டு மூன்று வாரங்கள் ஒரே மூச்சில் மூடிக்கொண்டால் பெரும்பாலும் அது விடுமுறை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, நாள் நெருங்க நெருங்க மூடிக்கொண்டு வந்தால் அது முன்பதிவு.

ஓர் ஆண்டு முழுக்க இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதே என்பீர்கள். அதற்கு விருந்தினர் எழுதும் மதிப்புரைகள் இருக்கின்றன. மாதவாரியாக எத்தனை மதிப்புரைகள் என்று எண்ணுங்கள். தங்கும் எல்லோரும் எழுதுவதில்லை என்பதால் எத்தனை அறைகள் போயின என்று இதில் தெரியாது. ஆனால் எந்த மாதம் மற்றதைவிட எத்தனை மடங்கு என்பது தெரியும். பத்து வீடுகளையும் சேர்த்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எண்ணினால் உங்கள் ஊர் சீசனின் வடிவம் கிடைத்துவிடும். ஒரே ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். சந்திரனை வைத்துக் கணக்கிடும் பண்டிகைகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும், ஒரு மாதத்தின் கூட்டத்தை அடுத்த மாதத்துக்குத் தூக்கிச் செல்லும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. என் பார்வையில் முதலாவதைவிட இதில்தான் பணம் அதிகம் போகும்.

செலவையும் அறை-இரவிலேயே அளந்துவிடுவோம். ஓர் அறை ஓர் இரவு போனால் கிடைக்கும் வாடகையில் தளத்தின் கமிஷன், சலவை, காலை உணவு எல்லாம் கழித்து ஒரு தொகை நிற்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் போகும் தவணை, சம்பளம், காப்பீடு இவற்றை அந்தத் தொகையால் வகுங்கள். விடை 30 என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 30 அறை-இரவுகள் போனால் கைக்கும் வாய்க்கும் சரி. ஆண்டுக்கு 360. சீசன் வாடகை கூடுதலாக இருக்கும், அதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

528 விற்கும் வீட்டுக்கு 360 கஷ்டமில்லை. ஆனால் முதல் ஆண்டில் 528 வராது. பெயர் தெரியாத, மதிப்புரை இல்லாத வீடு தேடல் பட்டியலில் அடியில் கிடக்கும். ஒவ்வொரு மாதமும் மேலே சொன்னதில் 60 சதவீதம்தான் வரும் என்று வைத்தால் முதல் ஆண்டில் 317. ஆண்டு முடிவில் 43 அறை-இரவு அளவுக்குப் பற்றாக்குறை. எந்த மாதத்தில் திறந்தாலும் இந்தக் கடைசி எண் மாறாது. மாறுவது நடுவில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குவீர்கள் என்பது.

ஆஃப் சீசன் தொடக்கத்தில் திறந்தால், முதல் ஐந்து மாதங்களில் வருவது 58, போக வேண்டியது 150. பள்ளம் 92. அடுத்த இரண்டு இடை மாதங்களில் இன்னும் கொஞ்சம் இறங்கி ஏறக்குறைய 97. பிறகுதான் சீசன் வந்து தூக்கிவிடும். அதே வீட்டைச் சீசனுக்கு இரண்டு மாதம் முன்னால் திறந்தால், அந்த இரண்டு மாதங்களில் 5 இறங்கும், சீசன் முடியும்போது கையில் 54 உபரி இருக்கும். அதைத் தின்றுகொண்டே ஆஃப் சீசனைக் கடப்பீர்கள். ஆண்டின் கடைசியில்தான் 43 பள்ளம். அதே வீடு, அதே விருந்தினர், கையில் வைத்திருக்க வேண்டிய பணம் பாதிக்கும் கீழே.

சரியாகச் சீசன் அன்றே திறக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முதல் சில வாரங்களில் வெந்நீர் வராது, சாவி மாறிப்போகும், ஒரே அறை இருவருக்குப் பதிவாகும். அந்தக் குழப்பம் ஒன்றிரண்டு விருந்தினரோடு முடிந்துபோக வேண்டும். அவர்கள் எழுதும் முதல் மதிப்புரைகளை வைத்துத்தான் சீசன் கூட்டம் உங்களைத் தேடி வரும். நான் என் வீட்டைத் தச்சர் வேலையை முடித்துக் கொடுத்த மறுவாரமே திறந்தேன். அது சீசன் முடிந்த வாரம். ஐந்து மாதங்கள் படுக்கை விரிப்புகளை நாங்களே துவைத்து நாங்களே மடித்து வைத்தோம், அழுக்காக்க ஆளில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். வீடு தயாரான பிறகு பூட்டி வைத்துக் காத்திருப்பதால் பெரிய லாபம் இல்லை. சம்பளமும் மின்சாரமும் மிச்சமாகும், தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும். தள்ளிப்போட வேண்டியது திறப்பு விழாவை அல்ல, சீரமைப்பு வேலையையும் கடனையும். ஐந்து மாதம் தள்ளித் தொடங்கினால் சீசனுக்கு இரண்டு மாதம் முன்பு தயாராகிவிடும். முன்பணம் கொடுத்துவிட்டோம், நிறுத்த முடியாது என்றால், முதல் ஏழு மாதங்களுக்கு அசல் இல்லாமல் வட்டி மட்டும் கட்ட வங்கி அனுமதிக்குமா என்று கேளுங்கள். அதற்கும் ஆண்டுச் சராசரியைவிட இந்த மாதவாரிப் பட்டியல்தான் உதவும். பள்ளம் எங்கே, எவ்வளவு என்று அதில்தான் அதிகாரிக்குத் தெரியும்.

திறந்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு மாதம் முதல் தேதியும், வரும் மூன்று மாதங்களுக்கு எத்தனை அறை-இரவுகள் பதிவாகியிருக்கின்றன என்று எழுதுங்கள். ரத்தானவற்றைத் தனியே குறியுங்கள். இரண்டாம் ஆண்டில் அதே தேதியில் எழுதும் எண்ணை இதோடு வைத்துப் பார்த்தால், மாதம் முடியும் வரை காத்திருக்காமலே போக்கு தெரியும்.

ஒரு மாதத்தை மட்டும் பார்த்துப் பதறவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம். ஆஃப் சீசனில் மாதத்துக்கு 19 எதிர்பார்க்கும் வீட்டில், நான்கு அறைகளையும் இரண்டு இரவுக்கு எடுக்கும் ஒரே குடும்பம் வந்தால் 8 கூடும், ரத்து செய்தால் 8 குறையும். 13 வந்தாலும் 25 வந்தாலும் உங்கள் கணிப்பு தவறு என்று சொல்ல முடியாது. மூன்று மாதங்கள் தொடர்ந்து கீழேயே இருந்தால் கட்டங்களைத் திருத்துங்கள், வார நாள் கட்டத்திலிருந்து தொடங்கி.