குழம்புப் பொடி ஏன் கசந்தது? வறுவல் பற்றிக் கேள்வி பதில்

தருமபுரியில் 22 வருடமாக வீட்டிலிருந்தே குழம்புப் பொடி, ரசப் பொடி வறுத்து அரைத்துக் கொடுக்கிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன். நான் சொல்லும் நிமிடக் கணக்கெல்லாம் என் கேஸ் அடுப்புக்கும் கனமான இரும்பு வாணலிக்கும் பொருந்துவது. உங்கள் அடுப்பில் ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆகும்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை: அக்கா, ஒரு கிலோ மல்லி, அரைக் கிலோ மிளகாய் போட்டுக் குழம்புப் பொடி அரைத்தேன். குழம்பு வைத்தால் கசக்கிறது. மல்லி கெட்டுப்போனதா?

மல்லி மேல் பழி போட வேண்டாம் தங்கச்சி. மற்ற சாமான் எவ்வளவு, எந்த வரிசையில் வறுத்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு நீங்கள் எழுதியது இது: முதலில் மிளகாய், பிறகு அதே சட்டியில் 100 கிராம் சீரகம், 100 கிராம் மிளகு, 50 கிராம் வெந்தயம் மூன்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தது, கடைசியில் மல்லி. கோளாறு அந்த நடுவில்தான்.

மிளகு உருண்டையாக, கெட்டியாக இருக்கும்; உள்ளே சூடு ஏற நேரம் எடுக்கும். சீரகம் மெலிசு, சீக்கிரம் முடிந்துவிடும். மிளகு வெடிக்கட்டும் என்று நீங்கள் காத்திருந்த நேரத்தில் சீரகம் கறுத்திருக்கும். வெந்தயம் பொன்னிறம், சிவப்பு எல்லாம் தாண்டிக் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிருக்கும். மூன்றும் கலந்து கிடக்கும்போது அந்த நிறமாற்றம் கண்ணுக்கும் தெரியாது. போதாததற்கு, மிளகாய் வறுத்துக் காய்ந்து கிடந்த சட்டி வேறு.

கருகல்தானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகை பொடியை வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்துப் பரப்புங்கள். கரும்பழுப்புப் புள்ளிகள் நிறையத் தெரிந்தால் கருகல். புள்ளி இல்லாமல் கசந்தால் வெந்தயம் அளவு கூடியிருக்கும், அல்லது சரியாக வறுபடாமல் பச்சையாக இருக்கும். நாக்கும் சொல்லும். பச்சை வெந்தயக் கசப்பு கொஞ்ச நேரத்தில் போய்விடும். கருகிய கசப்பு அடிநாக்கில் உட்கார்ந்துகொண்டு, கூடவே கரி வாசனையும் அடிக்கும்.

புள்ளி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கருகியதை எடுக்க வழியில்லை. கசப்பு லேசாக இருந்தால், நன்றாக வறுத்த புதுப் பொடி நாலு பங்குக்கு இதில் ஒரு பங்கு கலந்து, புளி தூக்கலான குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ஒரு துண்டு வெல்லம் போடுங்கள். கசப்பு அதிகம் என்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுவதே நல்லது. ஒன்றேமுக்கால் கிலோ பொடியைக் காப்பாற்றப் போய் முப்பது நாள் குழம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே தங்கை: சரிக்கா, மறுபடி வறுக்கிறேன். எதை முதலில் போடுவது, எத்தனை நிமிடம்?

எல்லாவற்றையும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். ஈரம் போய்விட்டால் சட்டியில் வேலை பாதிதான். மஞ்சளை வறுக்கவே வேண்டாம். விரலி மஞ்சளை நன்றாகக் காயவைத்து உடைத்துப் போட்டால் போதும்.

அப்புறம், வாணலியை நடுத்தீயில் இரண்டு நிமிடம் காயவைத்துத் தீயைக் குறையுங்கள். நாலு சீரகம் போட்டுப் பாருங்கள். விழுந்தவுடன் துள்ளிக் கறுத்தால் சூடு அதிகம். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். அரை நிமிடம் சும்மா கிடந்து, பிறகு மெல்ல மணம் விட்டால் அதுதான் சூடு.

மல்லியில் ஆரம்பியுங்கள். கால் கிலோ, கால் கிலோவாக, நாலு தடவை. சட்டியில் குவியலாகக் கிடந்தால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது பச்சையாக நிற்கும். சிறுதீயில் ஒரு தடவைக்கு ஆறேழு நிமிடம் ஆகும். மல்லியில் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, லேசாகத்தான் மாறும். கரண்டியில் அள்ளிப் போட்டால் சலசலவென்று லேசான சத்தம் வரும். ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் நொறுங்க வேண்டும். நமுத்தமாதிரி அமுங்கினால் இன்னும் ஆகவில்லை.

அடுத்து மிளகு, மூன்று நான்கு நிமிடம். இரண்டு மூன்று வெடித்தவுடன் இறக்குங்கள், எல்லாம் வெடிக்கட்டும் என்று நிற்காதீர்கள். பிறகு சீரகம், இரண்டு மூன்று நிமிடம். முதலில் இருந்த நிறத்தைவிட ஒரு சுற்று அழுத்தமானால் போதும்.

அதன்பின் சட்டியைச் சற்று ஆறவிட்டு வெந்தயம். இதுதான் ஏமாற்றும். முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காது, இரண்டாவது நிமிடத்தில் பொன்னிறம் வரும், அங்கிருந்து கருகலுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பொன்னிறம் தாண்டி வெளிர் சிவப்பு எட்டிப் பார்க்கும்போதே தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டு அடுப்பை மட்டும் அணைத்தால், இரும்புச் சூட்டில் அது மேலும் வறுபடும். என்னிடம் வரும் கசந்த பொடிகளில் பெரும்பாலும், "அடுப்பை அணைச்சுட்டேனே அக்கா" என்பதுதான் கதை.

கடைசியில் மிளகாய். அதன் நெடி சட்டியில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் கடைசி.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெரியவர்: புகை வரணும்மா. புகை வந்தால்தான் மசாலாவுக்கு மணம் ஏறும். எங்க அம்மா அப்படித்தான் வறுப்பாங்க.

நீங்கள் சொல்வதில் பாதி சரி ஐயா. மல்லி, சீரகத்தில் முதலில் வெள்ளையாக, மெல்லிசாக ஒன்று எழும்புமே, அது ஈரம் ஆவியாவது. முகத்தை அருகில் கொண்டுபோனால் கண் கரிக்காது, மணம்தான் வரும். உங்கள் அம்மா பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். விறகடுப்புப் புகையோடு சேர்ந்து நமக்கு எல்லாமே புகையாகத் தெரியும்.

அதைத் தாண்டி நீலம் கலந்தமாதிரிப் புகை எழும்பி, கண்ணைக் கரித்து, மணம் போய் எரிந்த வாசனை வந்தால் கருகத் தொடங்கிவிட்டது. அப்போது மூக்கைத்தான் நம்ப வேண்டும். வறுக்கும்போது அடுப்படியே மணத்தால் நிறைந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அந்த மணம் பொடியிலிருந்துதான் போகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மணம் எழும்பியவுடன் இறக்குவது அதனால்தான்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு தம்பி: கொள்ளு வறுக்கும்போது வெடித்துத் தெறிக்கிறது அக்கா, அது கருகலா?

நாம் மசாலா பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் தம்பி, இருந்தாலும் சொல்கிறேன். கொள்ளு வெடிப்பது கருகல் இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் சூடாகித் தோலைக் கிழிக்கிறது. துணியில் துடைத்து, வெயிலில் போட்டு, சிறுதீயில் வறுத்தால் தெறிப்பது குறையும். கடித்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: கரண்ட் அடுப்பில் வறுத்தால் நடுவில் மட்டும் கறுக்கிறது. ஏன்?

அடிப்பகுதி மெலிசான சட்டியாக இருக்கும். அந்த அடுப்பில் சூடு ஒரு வட்டத்தில்தான் ஏறும், மெல்லிய தகடு அதை விளிம்புக்குக் கொண்டுபோகாது. கனமான இரும்புச் சட்டியை வைத்து, குறைந்த அளவில் நாலைந்து நிமிடம் காயவிட்டு அப்புறம் போடுங்கள். கிளறும்போது நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளி, விளிம்பில் இருப்பதை நடுவுக்கு இழுங்கள். உங்கள் பக்கம் மார்கழிப் பனியில் மல்லி நன்றாகவே ஈரம் இழுக்கும். அந்த மாதத்தில் நான் சொன்ன நேரத்தோடு இரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டாதீர்கள்.

அரூரிலிருந்து ஒரு அம்மா: என் மாமியார் மிளகாயை வறுக்கவே விட மாட்டார், வெயில் போதும் என்பார். யார் சொல்வது சரி?

இதில் நானும் என் அக்காவுமே ஒத்துப்போவதில்லை. மிளகாயை வெயிலில் காய வைத்தால் பொடி நல்ல சிவப்பாக இருக்கும். வறுத்தால் நிறம் கொஞ்சம் மங்கும். உங்கள் மாமியார் பார்ப்பது அந்த நிறத்தை. என் கணக்கு வேறு. மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. ஈர மிளகாய் மெஷினில் சரியாக அரைபடாது, பொடியும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். அதனால் காம்பு கிள்ளி, மிகச் சிறுதீயில், 100 கிராம் என்றால் மூன்று நிமிடம், ஒடித்தால் 'டக்'கென்று உடையும் அளவுக்கு மட்டும் சூடு காட்டுகிறேன். தோலில் கரும்பொட்டு விழுந்தால் அந்த மிளகாயைப் பொறுக்கி எறிந்துவிடுவேன்.

இருமல் வந்தால் கருகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மிளகாய் சூடானாலே நெடி ஏறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கல் உப்பு போட்டு வறுத்தால் நெடி குறையும் என்பார்கள், எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கோடை வெயிலில் மூன்று நாள் காய்ந்த மிளகாய் என்றால் மாமியார் சொல்படி செய்யுங்கள். ஐப்பசியில் அவரிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: வறுத்த சூட்டோடு மெஷினுக்கு எடுத்துப் போனால் நைசாக அரையுமே?

அரையும், ஆனால் மெஷினே சூடேற்றும். வறுத்த சூடும் அதோடு சேர்ந்தால் பொடி இன்னும் வதங்கிவிடும். சூடாகவே டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்துச் சொட்டி, கட்டி கட்டியாகும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். அரைத்து வந்ததையும் பேப்பரில் பரப்பி, கையில் சூடு தெரியாமல் போனபின் அடையுங்கள். கொண்டுபோகும் வழியில் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டக் கூடாது, துணிப்பை போதும்.

மறுபடி பாலக்கோட்டுத் தங்கை: நீங்கள் சொன்னபடி வறுத்து அரைத்துவிட்டேன். தட்டில் தேய்த்தால் புள்ளி இல்லை. ஆனால் இன்னும் ஒரு துளி கசப்பு இருக்கிறதே அக்கா?

அப்படியென்றால் கருகல் போய்விட்டது, மிச்சம் இருப்பது வெந்தயத்தின் சொந்தக் கசப்பு. 50 கிராம் என்பது சிலர் வீட்டு நாக்குக்குக் கூடுதல். அடுத்த தடவை 30 கிராம் போட்டுப் பாருங்கள். இதே பொடியை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுக் குழம்பு வையுங்கள். என் பொடியில் அந்தக் கசப்பு சில நாளில் அடங்கியதுண்டு, சில தடவை அடங்காமலும் இருந்திருக்கிறது. எப்படி வந்தது என்று எழுதுங்கள்.