இலையில புள்ளின்னா எந்தச் செடி, எந்த இலை, எப்படிப்பட்ட புள்ளி?

கேள்வி: "என் செடி இலைல புள்ளி புள்ளியா வருது. இது என்ன நோய், என்ன மருந்து அடிக்கணும்?"

போட்டோ இல்ல, என்ன செடின்னு இல்ல, புள்ளி கருப்பா மஞ்சளான்னுகூட இல்ல. இதை வச்சு யாரும் மருந்து சொல்ல முடியாதுங்க, அப்படி ஒருத்தர் சொன்னா அதைக் கேட்டு வாங்கிடாதீங்க. நான் கோபமா பேசுறதா நினைக்க வேண்டாம், இதே மாதிரி அரைகுறை விவரத்தை வச்சு மருந்து வாங்கி எங்க மாமா தோட்டத்துல நல்லா காய்ச்சிட்டிருந்த மிளகுக் கொடி பல போச்சு. அதனாலதான் உட்கார்ந்து இவ்வளவு டைப் பண்றேன்.

நீங்க மழை நேரத்துல கேக்குறதால உங்களுதும் மிளகுக் கொடியாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது. இல்லன்னாலும் பரவாயில்ல, பார்க்குற முறை தெரிஞ்சுக்கலாம்.

நாங்க கம்பம். மாமாவுக்கு கம்பம்மெட்டு தாண்டி கேரளாவுல வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம், நடுவுல முருக்கு மரத்துல எல்லாம் மிளகு ஏத்தி விட்டிருக்கார். தென்மேற்கு மழை புடிச்ச கொஞ்ச நாள்ல போன் பண்ணி "மாப்ள, மொளகு இலைல புள்ளி விழுதுடா, கடைல சொல்லி மருந்து வாங்கி அடிச்சுட்டேன், நிக்க மாட்டேங்குது"ன்னார். என்ன மருந்து மாமான்னா கார்பண்டசிம்ங்கற பூஞ்சை மருந்து, கூட ஒரு டானிக். கடைக்காரர் ஒரு இலையக்கூட கேட்டு வாங்கிப் பார்க்கல, இலைப்புள்ளின்னதும் எடுத்துக் குடுத்துட்டார்.

மிளகுல மழைக்காலத்துல இலைப்புள்ளி முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு ஆந்த்ராக்னோஸ், கேரளாக்காரங்க பொள்ளுன்னு சொல்றது. புள்ளி பழுப்பா, ஒழுங்கில்லாத வடிவத்துல இருக்கும், சுத்தி மஞ்சளா ஒரு வளையம் தெரியும். இதுக்கு கார்பண்டசிம் கலந்த மருந்து கேக்கும். இன்னொண்ணு பைட்டோப்தோரா, கொடியையே சாய்ச்சுடுற வாடல் நோய் இதுலருந்துதான் வருது. இது பாக்குறதுக்கு பூஞ்சை மாதிரி இருந்தாலும் உண்மையான பூஞ்சை இனம் கிடையாது, அதனால கார்பண்டசிம் இதை ஒண்ணும் செய்யாது. எத்தனை தடவை அடிச்சாலும் காசும் நாளும்தான் போகும், அந்த நாளுக்குள்ள அது வேருக்கு இறங்கிடும்.

போன்ல பேசி ஆகாதுன்னு காலைல தோட்டத்து ஆளுங்க போற ஜீப்புலயே ஏறி மேல போனேன். முதல்ல நான் பார்த்தது புள்ளிய இல்ல, அது எங்க இருக்குங்கறதை. மேல் கொடியில இலை சுத்தமா இருக்கு, தரையில ஓடுற கொடியிலயும் முழங்கால் உயரத்துக்குள்ள இருக்குற இலையிலயும்தான் புள்ளி. மழைத்துளி மண்ணுல அடிச்சு தெறிக்குற உயரம் அது, நோய் மண்ணுலருந்து ஏறுதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு இலையப் பறிச்சு வெளிச்சத்துல புடிச்சேன். புள்ளி நல்ல கருப்பு, மஞ்சள் வளையம் இல்ல, ஓரம் வழவழன்னு முடியாம வேட்டியில மை கொட்டுனா நூல் நூலா இழுத்துட்டு போகுமே அப்படி சன்னமா நீட்டிட்டிருந்துச்சு. பைட்டோப்தோராவுக்கு இந்த ஓரம்தான் அடையாளம். மாமா நம்பலங்கறதால கொடியிலயே இருந்த இன்னொரு இலையில புள்ளி ஓரத்தை பால்பாயிண்ட் பேனாவால சுத்தி கோடு போட்டுட்டு வந்தோம், மறுநாள் காலைல பாத்தா கருப்பு கோட்டைத் தாண்டி வெளிய வந்துடுச்சு. பழைய புள்ளியோ சத்துக் குறைவோ இருந்தா ஒரு ராத்திரில இப்படி நகராது.

அடுத்து தண்டு மண்ணை ஒட்டியிருக்குற இடத்தை கத்தியால லேசா சுரண்டிப் பார்த்தோம். உள்ள பச்சையா இருந்த கொடியை காப்பாத்தலாம்னு விட்டோம். கருத்து ஈரமா அழுகியிருந்ததை காப்பாத்த முடியாது, வேரோட எடுத்து வெளிய கொண்டு போய் எரிச்சுட்டோம். மாமாவுக்கு மனசே வரல, இலை இன்னும் பச்சையா இருக்கேன்னார், ஆனா அடித்தண்டு போனா ஒரு மாசத்துக்குள்ள மொத்தமா கொட்டிடும். அதுவரைக்கும் அது பக்கத்துக் கொடிக்கு நோயைக் குடுத்துட்டு நிக்கும்.

மிச்சத்துக்கு தரையில ஓடுற கொடியெல்லாம் வெட்டி, முருக்கு மரத்துக் கிளைய கழிச்சு வெளிச்சம் விட்டோம். அப்புறம் போர்டோ கலவை ஒரு சதவீதம். துருசு, அதாவது மயில்துத்தம், ஒரு கிலோவை 50 லிட்டர் தண்ணில பிளாஸ்டிக் டிரம்முல கரைச்சுக்கணும், இரும்புப் பாத்திரம் ஆகாது. நல்ல சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவை நீத்து இன்னொரு 50 லிட்டர்ல கரைச்சுக்கணும், நீத்தும்போது கொதிக்கும், கண்ணு பத்திரம். துருசுத் தண்ணிய சுண்ணாம்புத் தண்ணில மெதுவா ஊத்திக் கலக்கணும், மாத்தி ஊத்தக்கூடாது. வான நீலத்துல வரும். துரு இல்லாம தேய்ச்ச சாதா இரும்புக் கத்திய, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகாது, ஒரு நிமிஷம் முக்கி எடுங்க, செம்பு நிறத்துல படிஞ்சா துருசு மிச்சமிருக்கு, இலை கருகும், இன்னும் சுண்ணாம்புத் தண்ணி விடுங்க, கத்தி சுத்தமா வர்ற வரைக்கும். கலந்தது அன்னிக்கே தீரணும். மழை விட்ட நேரம் பாத்து இலையோட அடிப்பக்கமும் நனையுற மாதிரி அடிச்சோம். அதோட காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2 கிராம் கலந்து கொடிக்கு 5லருந்து 10 லிட்டர் வரைக்கும் தூரைச் சுத்தி ஊத்துனோம்.

போர்டோ வந்த புள்ளியை ஆத்தாது, புதுசா வராம தடுக்கும் அவ்வளவுதான். அதனால இதை மழைக்கு முன்னாடி ஒருக்கா, ஆகஸ்ட் செப்டம்பர்ல ஒருக்கா அடிக்கணும். இயற்கை விவசாயம் பண்றவங்க சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், நோயைத் தடுக்குற பூஞ்சையான டிரைக்கோடெர்மா நானும்தான் போடுறேன், ஆனா கருப்பு ஓடிட்டிருக்குற நேரத்துல அதை மட்டும் நம்பி இருக்க முடியாது, செம்பு மருந்து ஊத்துன தூருல உடனே போட்டாலும் அது சரியா வேலை செய்யாது.

இன்னொரு வயித்தெரிச்சலையும் சொல்லிடுறேன். மாமா முதல்ல கடைக்கு போகல, மேல ஒரு ஆபீஸுக்குத்தான் இலையோட போனார். உங்க அட்ரஸ் தமிழ்நாடு, அங்க கேளுங்கன்னாங்க. கீழ வந்து கேட்டா நிலம் கேரளால இருக்கு, அங்க கேளுங்கன்னாங்க. கடைக்காரர் குடுத்த பாட்டில்ல எழுத்து பொடிசு பொடிசா, மலையாளத்துல ஒரு துண்டுச்சீட்டு. அறுபது வயசுக்காரர், தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிஞ்சவர், அதுல என்னத்தப் பாப்பார்? எல்லைல நிலம் வச்சிருக்குறவனுக்கு நோய் வந்தா ரெண்டு பக்கமும் ஆள் இல்ல.

சரி, உங்க விஷயம். செடி பேர் போடுங்க. இலையோட மேல்பக்கம் அடிப்பக்கம் ரெண்டும் பகல் வெளிச்சத்துல, புள்ளி ஓரம் தெளிவா தெரியுற மாதிரி கிட்டக்க எடுங்க, முழுச்செடியும் ஒண்ணு எடுங்க. அடி இலைல ஆரம்பிச்சுதா கொழுந்துலயா, கடைசியா எப்ப மழை, தூர்ல தண்டு கருத்திருக்கா, ஏற்கனவே என்ன அடிச்சீங்க, இதையும் எழுதுங்க. இன்னிக்கே ஒரு புள்ளிய பேனாவால சுத்திக் கோடு போட்டு வைங்க, நாளைக்கு காலைல அது தாண்டியிருக்கா இல்லையான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அதுக்கு முன்னாடி எதுவும் வாங்கி அடிக்காதீங்க.