வெற்றி வேண்டாம் என்று அர்ஜுனன் முதலிலேயே சொல்லிவிட்டான்

கேள்வி: பலனை எதிர்பார்க்காமல் செயல்படு என்கிறார்கள். என்ன ஆனால் என்ன என்று இருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பலனே வேண்டாம் என்றால் ஒரு வேலையை எதற்காக நன்றாகச் செய்ய வேண்டும்?

பலனில் ஆசை இல்லாமல் இருப்பது மட்டும்தான் நிஷ்காம கர்மம் என்றால், கீதையின் முதல் அத்தியாயத்திலேயே அர்ஜுனன் அதை அடைந்துவிட்டான். 'கிருஷ்ணா, எனக்கு வெற்றி வேண்டாம், ராஜ்யம் வேண்டாம், சுகங்களும் வேண்டாம்' என்று 1.32இல் சொல்கிறான். மூன்று உலகங்களின் ஆட்சியே கிடைத்தாலும் எதிரே நிற்கும் உறவினர்களைக் கொல்ல மாட்டேன் என்று 1.35இல் இன்னும் அழுத்திச் சொல்கிறான். கேட்பதற்குப் பெரிய துறவு போலத்தான் இருக்கிறது. கிருஷ்ணர் அதைப் பாராட்டவில்லை. கோழைத்தனத்துக்கு இடம் கொடுக்காதே, எழுந்திரு என்கிறார் (2.3).

நீங்கள் கேட்கும் வித்தியாசம் இந்த இடத்திலேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அர்ஜுனன் ராஜ்யம் என்ற பலனை விட்டான், சரி. ஆனால் இந்தப் போரின் முடிவு தன்னை என்ன செய்யும், எவ்வளவு துக்கம் வரும், எவ்வளவு பாவம் சேரும் என்ற கணக்கு அவனை முழுதாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு தாங்காமல்தான் வில்லைக் கீழே வைத்தான். பலனுக்குப் பயந்து வேலையை விடுபவனும் பலனோடுதான் கட்டுண்டு கிடக்கிறான்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் 2.47இல் நான்கு பகுதிகள் உண்டு. செயலில்தான் உனக்கு உரிமை. பலனில் ஒருபோதும் இல்லை. பலனுக்காகவே செயல்படுபவனாக ஆகாதே. செயல்படாமல் இருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம். பேச்சுவழக்கில் முதல் இரண்டு மட்டும் மிஞ்சிவிட்டன. நான்காவதை விட்டுவிட்டதால்தான் இந்தப் போதனை அக்கறையின்மை போலத் தெரிகிறது.

ஏட்டுப் பேச்சாக முடிக்க விருப்பமில்லை. இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக இருந்தார்கள்.

அண்ணன் தினமும் விரல்களைப் பார்ப்பான். நேற்றைவிட இன்று கொஞ்சம் அதிகம் விரிந்தால் வீடே கலகலப்பாக இருக்கும். விரியாவிட்டால் அவன் முகம் சுருங்கும், பயிற்சியில் அவசரம் வரும், கையைச் சற்றுப் பலமாக இழுப்பான். பலவீனமான கையை இழுத்தால் தோள்மூட்டு கெட்டுப்போகும் என்று பிசியோதெரபிஸ்ட் எச்சரித்திருந்தது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவில் இருக்காது. அன்பு இல்லாமல் இல்லை. பலன் மீதிருந்த கண், செய்துகொண்டிருந்த வேலையைக் கெடுத்தது. அப்பாவும் அண்ணன் முகத்தைப் பார்த்தே தன் கையை எடைபோடத் தொடங்கினார்.

சித்தப்பா அமைதியானவர். "அண்ணி, நடக்கிறது நடக்கும், நம்ம கையில என்ன இருக்கு?" என்பார். அவர் பார்த்துக்கொள்ளும் நாளில் பயிற்சி பாதியில் நிற்கும். விரல்கள் மடங்கி இறுகியிருப்பதையும் கவனிக்க மாட்டார். அவரிடம் பதற்றமே இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த அமைதி எதையும் செய்யாததிலிருந்து வந்தது.

அம்மாவும் பதறவில்லை. ஆனால் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். இன்று மணிக்கட்டு எவ்வளவு மடங்கியது, பிளாஸ்டிக் தம்ளரைப் பிடித்துத் தூக்க முடிந்ததா, எந்த நேரத்தில் தசை அதிகம் இறுகுகிறது. இதெல்லாம் பலனைப் பார்ப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், பார்ப்பதுதான். அம்மா அதை அடுத்த நாள் வேலைக்கான தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டார். காலையில் இறுக்கம் குறைவு என்று நோட்டில் தெரிந்ததும் பயிற்சியைக் காலைக்கு மாற்றினார். அண்ணனுக்கு அதே தகவல் ஒவ்வொரு நாளும் வரும் தீர்ப்பாக இருந்தது.

பலனை யோசிக்காமல் செய்வது நிஷ்காம கர்மம் என்று நினைப்பவர்கள் 18.25ஐப் படிக்க வேண்டும். பின்விளைவு, இழப்பு, பிறருக்கு வரும் துன்பம், தன் சக்தி ஆகியவற்றை எண்ணிப் பார்க்காமல் மயக்கத்தில் தொடங்கும் செயல் தாமசம் என்கிறது அது. என்ன ஆனால் என்ன என்பதைக் கீதை மிகக் கீழான இடத்தில் வைக்கிறது. அதற்கு அடுத்த சுலோகத்தில் சாத்விகமாகச் செயல்படுபவரின் லட்சணம் வருகிறது: பற்று இல்லை, நான் என்ற பேச்சு இல்லை, வெற்றியிலும் தோல்வியிலும் மாறுவதில்லை, கூடவே உறுதியும் உற்சாகமும் உண்டு. 18.28இல் தாமசமாகச் செயல்படுபவரைச் சொல்லும்போது சோம்பலும், காரியத்தை இழுத்தடிப்பதும் வருகின்றன. எனவே உங்களுக்குள் இருப்பது எது என்று தெரிய வேண்டுமானால், மனம் அமைதியாக இருக்கிறதா என்று பார்ப்பது போதாது, இரண்டிலும் அமைதி இருக்கலாம். வேலையின் தரத்தைப் பாருங்கள். கேட்க ஆளில்லாத நாளிலும் அது குறையாமல் இருக்கிறதா?

சரி, பலனுக்கு உரிமை கோரக்கூடாது என்பதற்குக் காரணம் என்ன? 18.14 ஒரு செயல் நிறைவேற ஐந்து காரணங்களை அடுக்குகிறது: உடல் என்ற இருப்பிடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், தெய்வம். அப்பாவின் கையில் இதை வைத்துப் பாருங்கள். மூளையில் பாதிப்பு எங்கே, எவ்வளவு என்பது ஒன்று. அப்பாவின் மனசு ஒன்று. மருந்து, பயிற்சி, அம்மாவின் உழைப்பு, இவற்றுக்கெல்லாம் அப்பால் யாருக்கும் தெரியாத ஒன்று. இதில் அம்மா ஒரு பங்குதான். அந்தப் பங்கை முழுதாகச் செய்யலாம். மொத்த விளைவுக்கும் நானே பொறுப்பு என்று சொல்ல முடியாது. அப்படித் தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவன் சரியாகக் காண்பதில்லை என்று 18.16 சொல்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. வேலைக்கு நோக்கம் உண்டு. அப்பா தன் கையால் சாப்பிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் நோக்கம். அது இல்லாவிட்டால் எந்த விரலுக்கு எந்தப் பயிற்சி என்றே தீர்மானிக்க முடியாது. உலக நன்மையை விரும்பியே ஞானியும் செயல்பட வேண்டும் என்றுதான் 3.25உம் சொல்கிறது. 'இது நடந்தால்தான் நான் ஜெயித்தேன்' என்ற ஒட்டுதல்தான் போக வேண்டும்.

முதல் சில மாதங்களில் வேகமாக வந்த முன்னேற்றம் அப்புறம் குறைந்தது. பக்கவாதத்தில் பெரும்பாலும் அப்படித்தான். கால் தேறி அப்பா நடந்தார். வலது கை பாதிதான் திரும்பியது, பேனா பிடிக்க முடியவில்லை. அது இனி கஷ்டம் என்று தெரிந்த அன்று அம்மா அழுதார். துக்கம் வந்துவிட்டதால் அது நிஷ்காமம் ஆகாது என்று கறாராகப் பொருள் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. மறுநாள் காலைப் பயிற்சி அதே நேரத்துக்கு, அதே கவனத்தோடு நடந்தது. அந்த வாரமே இடது கையால் பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வலது கைக்கு, விரல்கள் மேலும் இறுகாமல் இருக்கும் அளவுக்கான பயிற்சியை மட்டும் தொடர்ந்தார்.