lol என்பது ஒரு ‘டா’

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபத்து நான்கு வயது. முதல் வேலை. என் பிரிவின் தலைவருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள்தான். சென்ற வாரம் அவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினேன்: “சார், அறிக்கை இன்னும் முடியவில்லை lol 😂 நாளை SURE.” அவரிடமிருந்து “OK. SEND TOMORROW.” என்று முழுவதும் பெரிய எழுத்தில் பதில் வந்தது. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. என்னைக் கத்துகிறாரா? பெரியவர்களுக்கு எந்த எமோஜியெல்லாம் அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

பட்டியல் தர மாட்டேன். இன்று நான் எழுதித் தரும் பட்டியல் அடுத்த தீபாவளிக்குள் பழசாகிவிடும்.

முதலில் திட்டிவிடுகிறேன். வேலை முடியவில்லை என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை மறைக்க ஒரு சிரிப்பைப் பக்கத்தில் வைத்தீர்கள். தோழியிடம் அது செல்லும். அறிக்கைக்காகக் காத்திருப்பவரிடம், அவர் காத்திருப்பதைப் பார்த்து நீங்கள் சிரித்ததாகத்தான் போய்ச் சேரும்.

நீங்கள் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் வயதுக்காரர்கள் lol எழுதும்போது பெரும்பாலும் யாரும் சிரிப்பதில்லை. ஜான் மெக்வோர்ட்டர் என்ற மொழியியலாளர் 2013இல் ஓர் உரையில் இதைச் சொன்னார்: lol இப்போது சிரிப்பைக் குறிப்பதில்லை, ‘நாம் இருவரும் ஒரே பக்கம்’ என்று உணர்த்தும் ஓர் ஒட்டுச்சொல்லாக மாறிவிட்டது. தமிழருக்கு இது புதிய செய்தியே அல்ல. நம்மிடம் ‘டா’ இருக்கிறது. “முடியவில்லையடா” என்று நண்பனிடம் சொன்னால் அதில் உரிமையும் கெஞ்சலும் இருக்கும். அதே சொல்லைத் துறைத் தலைவரிடம் சொல்வீர்களா? நீங்கள் அனுப்பிய lol ஒரு ‘டா’. ஆங்கில எழுத்தில் இருந்ததால் அது உங்கள் காதில் விழவில்லை.

அந்த எழுத்துகளை அவர் என்னவென்று படித்தார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. பிரிட்டனின் பிரதமராக இருந்த டேவிட் கேமரூனே lol என்றால் ‘நிறைய அன்பு’ என்று நினைத்துச் சில சமயம் குறுஞ்செய்தியின் முடிவில் அதைப் போட்டு அனுப்பினார் என்று 2012இல் அங்கே ஒரு பொது விசாரணையில் சாட்சியம் வந்தது. 😂 இன்னும் சிக்கலானது. என் அம்மா இறந்த அன்று குடும்பக் குழுவில் பெரியம்மா மூன்று முறை 😂 அனுப்பியிருந்தார். கண்ணாடி இல்லாமல், கடுகளவு உருவத்தில், அவர் கண்ணுக்குத் தெரிந்தது அந்த இரண்டு கண்ணீர்த் துளிகள் மட்டும்தான். எங்கள் வீட்டில் ஒருவரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா அழுவது எங்களுக்குக் கேட்டது, ஏனென்றால் அவர் குரலை நாங்கள் அறிவோம்.

நான் சில மாதங்களாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். அதற்கு என் அப்பாவிடம் போக வேண்டும்.

அப்பா ஒரு சிற்றூர் அஞ்சலகத்தில் தந்தி வாங்குபவர். மோர்ஸ் ஒலியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. கட்டுக் கடகட என்று வருவதைக் காதால் வாங்கி, பென்சிலால் படிவத்தில் முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுவார். பின்னால் வந்த தொலையச்சு இயந்திரங்களிலும் அப்படித்தான்: ஐந்து துளைகள் கொண்ட குறியீட்டில் முப்பத்திரண்டு சேர்க்கைகள்தான் கிடைக்கும், இரண்டு வகை எழுத்துக்கு அதில் இடமில்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் மரியாதைச் சொற்கள்தான் முதலில் வெட்டுப்படும். மகன் தகப்பனுக்கு அனுப்பினாலும் “START IMMEDIATELY” என்றுதான் வரும். அதில் கட்டளையும் இல்லை, கோபமும் இல்லை.

அந்தக் குறையை ஈடுசெய்தது கொண்டுபோன மனிதன்தான். தந்தி என்றாலே சாவு என்று பயந்த காலம். தேர்வில் முதல் வகுப்பில் தேறிய செய்தி வந்தபோதும் தந்திச் சேவகரைத் தெருமுனையில் கண்டவுடன் ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அதன் பிறகு அப்பா அவரிடம் சொல்லிவிட்டார்: நல்ல செய்தியென்றால் தெருமுனையிலேயே “நல்ல செய்தி அம்மா!” என்று கூவிக்கொண்டே போக வேண்டும், கெட்ட செய்தியென்றால் மெல்ல நடந்துபோய் முதலில் தண்ணீர் கேட்க வேண்டும். தாளில் இல்லாத குரலை அவர் கொண்டுபோனார். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது.

உங்கள் தோழிக்கு அந்தச் சேவகர் தேவையில்லை. நீங்கள் lol எழுதினாலும், SURE என்று கத்தினாலும், அவள் மனதில் இருக்கும் உங்கள் குரல் அதைப் படித்துக் காட்டிவிடும். உங்கள் தலைவர் உங்கள் குரலைச் சில மாதங்களாகத்தான் கேட்கிறார். அவர் கையில் இருப்பது தாள் மட்டும்.

இப்போது அவருடைய பெரிய எழுத்துகள். அவர் தலைமுறை தந்தியைப் பார்த்து வளர்ந்தது. வங்கியிலும் ரயில் முன்பதிவிலும் பெரிய எழுத்தில் நிரப்பவும் என்று அச்சிட்ட படிவங்களோடு வாழ்ந்தது. அவர்களுக்குப் பெரிய எழுத்து என்றால் தெளிவு. சிலர் தட்டச்சில் ஒரு முறை அந்த விசையை அழுத்தியவர்கள் பிறகு விடுவிப்பதே இல்லை. கோபமா பழக்கமா என்று அறிய அவருடைய பழைய செய்திகளைப் பாருங்கள். பிறந்தநாள் வாழ்த்தும் விடுமுறை அறிவிப்பும் பெரிய எழுத்தில் இருந்தால் அது பழக்கம். இது ஒன்று மட்டும் அப்படி இருந்தால் கோபம், அதற்கு நீங்கள் காரணம் கொடுத்திருக்கிறீர்கள்.

அவர் எழுதுகிறார் என்பதற்காக நீங்கள் பதிலுக்குப் பெரிய எழுத்தில் எழுத வேண்டாம். அவருக்குப் பழக்கமாக இருப்பது உங்களிடமிருந்து போனால் எதிர்த்துப் பேசுவதாகும். தமிழ் எழுத்தில் எழுதுங்கள். தமிழில் பெரிய எழுத்தே இல்லை, அப்படிக் கத்த முடியாது. நம் மொழியில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. அவசரத்தில் நீங்கள் வெட்டுவதும் அந்த வாலைத்தான். “பார்த்துச் சொல்லுங்கள்” என்பது வேண்டுகோள். “பார்த்துச் சொல்லவும்” என்பது சுவரில் ஒட்டிய அறிவிப்பின் குரல். மரியாதை என்று நினைத்து இளையவர்கள் பெரியவர்களுக்கு இந்த ‘வும்’ போட்டு எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் சுருங்குகிறது.

உங்கள் செய்தி இப்படி இருந்திருக்கலாம்:

“வணக்கம் சார். அறிக்கையில் கடைசிப் பகுதி மட்டும் மீதி இருக்கிறது. நாளை காலை 11 மணிக்குள் அனுப்பிவிடுகிறேன். தாமதத்திற்கு மன்னியுங்கள்.”

SURE செய்ய முயன்ற வேலையை இதில் ‘11 மணி’ செய்கிறது. எவ்வளவு மீதி என்று தெரிந்ததால் அவர் தன் வேலையைத் திட்டமிட முடியும். கூச்சம் மன்னிப்பாக வெளியே வந்துவிட்டதால் அதை மறைக்கச் சிரிப்பு தேவைப்படவில்லை. கடைசியில் ஒரு 🙏 வைக்க ஆசையென்றால் வையுங்கள், நம் ஊரில் அதைத் தவறாகப் படிப்பவர் இல்லை. மற்ற எதையும் அவர் முதலில் அனுப்பும்வரை நீங்கள் அனுப்ப வேண்டாம்.

பயந்துகொண்டு இன்னொரு நீண்ட செய்தி அனுப்பிவிடாதீர்கள். திங்கட்கிழமை அவர் அறைக்குப் போய், “அன்றைக்கு நான் எழுதிய விதம் சரியில்லை சார்” என்று வாயால் சொல்லுங்கள். அதற்குள் அவருடைய பொங்கல் வாழ்த்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். அதுவும் பெரிய எழுத்தில் இருந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.