முதல் மருத்துவக் காப்புறுதி: பில்லில் நம் கைக்காசு எவ்வளவு?

தலவாக்கலையிலிருந்து ஒருவர்: அண்ணே, நான், மனைவி, ரெண்டு பிள்ளைகள். இதுதான் எங்க முதல் பொலிசி. காப்புறுதித் தொகை 5 இலட்சம், டிடக்டிபிள் 25,000, கோ-பேமன்ட் நூற்றுக்கு 20னு ஏஜன்ட் எழுதித் தந்திருக்கார். பில் 5 இலட்சத்துக்குள்ள இருந்தா முழுசும் தருவாங்கதானே?

தர மாட்டார்கள், தம்பி. ஒரு வருடத்தில் கொம்பனி தரக்கூடிய உச்சம்தான் அந்த 5 இலட்சம். கண்டி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் உங்கள் மனைவிக்கு ஒரு ஒப்பரேஷன், பில் 3,80,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முதலில் பொலிசி ஏற்காத செலவுகளைக் கழிப்பார்கள். கூட நிற்பவரின் சாப்பாடு, பதிவுக் கட்டணம் மாதிரியானவை. அது 15,000 என்றால் மிச்சம் 3,65,000. அதில் டிடக்டிபிள், அதாவது கொம்பனி கொடுக்கத் தொடங்குமுன் நீங்களே கட்ட வேண்டிய 25,000 போனால் 3,40,000. இதில் கோ-பேமன்ட் நூற்றுக்கு 20, அதாவது 68,000 உங்கள் பங்கு. கொம்பனி தருவது 2,72,000. உங்கள் கையிலிருந்து போவது 1,08,000.

சில பொலிசிகளில் கோ-பேமன்ட்டை முதலில் கழித்துவிட்டு அப்புறம் டிடக்டிபிளைக் கழிப்பார்கள். அப்படியானால் இதே பில்லுக்கு 5,000 ரூபா குறைவாகக் கிடைக்கும். எது முதலில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவரே மறுபடியும்: அதே வருஷம் மகளுக்கும் வருத்தம் வந்தா? அவளுக்குத் தனியா 5 இலட்சம் இருக்கும்தானே?

ஆளுக்கு 5 இலட்சமா, குடும்பத்துக்கே 5 இலட்சமா என்பதை பொலிசி அட்டவணையில் பாருங்கள். குடும்ப பொலிசி பலவற்றில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தொகைதான். அம்மாவுக்கு 2,72,000 போனபின் அந்த வருடத்துக்கு மிஞ்சுவது 2,28,000. மகளின் பில் 3,20,000 ஆனால், கழிவெல்லாம் போக எவ்வளவு வந்தாலும் 2,28,000க்கு மேல் தர மாட்டார்கள். மிச்சம் 92,000 நீங்கள்தான். அதற்குப்பின் மகனுக்கு ஏதாவது என்றால் பொலிசி புதுப்பிக்கும் வரை ஒன்றுமில்லை.

அதோடு டிடக்டிபிள் வருடத்துக்கு ஒரு தடவையா, ஆஸ்பத்திரியில் சேரும் ஒவ்வொரு தடவையுமா? சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். டெங்கு, வாந்திபேதி என்று சேரும்போது பில் 30,000 வந்தால், தடவைக்கு 25,000 கழிக்கிற பொலிசியில் மிஞ்சும் 5,000இலும் கோ-பேமன்ட் போய் 4,000தான் கைக்கு வரும்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்: டிடக்டிபிள் கூடின பொலிசிதான் இலாபம். பிரீமியம் குறையும். நான் எல்லாருக்கும் அதைத்தான் சொல்றேன்.

பிரீமியம் குறையும், அது சரி. ஆனால் எல்லாருக்கும் அதையே சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்குள் நகையை அடகு வைக்காமல் எவ்வளவு புரட்ட முடியும் என்று அந்தக் குடும்பம் முதலில் கணக்குப் போடட்டும். டிடக்டிபிள் அதைத் தாண்டக் கூடாது. மாதச் சம்பளமும் சேமிப்பும் உள்ளவர் 50,000 வைக்கலாம். கொழுந்து எடுக்கிற நாளுக்குத்தான் சம்பளம் என்கிற வீட்டில் அது மிகவும் கடினம்.

ஹட்டனிலிருந்து ஒரு ஆசிரியை: எனக்கு அரச ஊழியர் காப்புறுதி அக்ரஹார இருக்கு, சேர். டிக்கோயா ஆஸ்பத்திரியில காசே வாங்குறதில்ல. அப்ப எனக்கு கோ-பேமன்ட் எவ்வளவு வரும்?

பில்லே இல்லாத இடத்தில் கோ-பேமன்ட் வராது, மிஸ். அரச ஆஸ்பத்திரியில் தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பொலிசிகள் உண்டு. அந்தப் பிரிவு உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தனியார் கொம்பனி பொலிசியும் வைத்திருந்தால், தனியார் ஆஸ்பத்திரி பில்லில் அந்தக் கொம்பனி கழித்த பங்கை அக்ரஹாரவிடம் கேட்டுப் பார்க்கலாம். மூலப் பில் ஓரிடத்துக்குத்தான் போகும். ஆகவே கொடுப்பதற்கு முன் பிரதிகளை ஆஸ்பத்திரியில் உறுதிப்படுத்தி எடுங்கள். முதல் கொம்பனி எவ்வளவு தந்தது என்ற கடிதமும் வேண்டும். இரண்டு இடத்திலும் கிடைப்பது சேர்ந்து பில் தொகையைத் தாண்டாது.

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்: பொலிசி முடியும்போது அந்த 5 இலட்சம் திரும்ப வரும்தானே?

வராது. நீங்கள் நினைப்பது ஆயுள் காப்புறுதியை. ஏஜன்ட் இரண்டையும் சேர்த்து விற்றிருந்தால், எந்தப் பிரிவுக்கு எவ்வளவு பிரீமியம் என்று பிரித்துக் கேளுங்கள்.

தலவாக்கலைக்காரர்: கடைசியா ஒண்ணு. பில் 7 இலட்சம் வந்தா?

இதில் கொம்பனிக்குக் கொம்பனி கணக்கு மாறும். முழுப் பில்லிலும் கழிவுகளைப் போட்டால் 6,75,000இல் நூற்றுக்கு 80, அதாவது 5,40,000 வரும். உச்சம் 5 இலட்சம் என்பதால் 5 இலட்சமும் கிடைக்கும். முதலில் பில்லை 5 இலட்சத்தோடு நிறுத்திவிட்டு அதிலிருந்து டிடக்டிபிளையும் கோ-பேமன்ட்டையும் கழித்தால் 3,80,000தான். உங்களுடையது எந்த வகை என்று அட்டவணையை மட்டும் பார்த்து என்னால் சொல்ல முடியாது. 7 இலட்சம் பில்லுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கொம்பனியிடமே கேட்டு, பதிலை ஏஜன்ட்டின் வாயால் அல்ல, கொம்பனியின் கடிதமாக வாங்குங்கள். அது கைக்கு வந்தபின் கையெழுத்துப் போடுங்கள்.