ஜெனரேட்டர் டீசலை ஐந்து வீட்டுக்கு எப்படிப் பிரிப்பது?

"ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு 15 கே.வி.ஏ ஜெனரேட்டர். டீசல் செலவை கனெக்டட் லோடு பார்த்துப் பிரிப்போம் என்று பேசி முடித்தோம். இப்போது ஏசி இருக்கிற வீட்டுக்காரர் 'நான் அதை எப்பவாவதுதான் போடுகிறேன், இவ்வளவு தர மாட்டேன்' என்கிறார். சண்டை வராத மாதிரி எல்லாருக்கும் எப்படி ஒரு மெசேஜ் எழுதுவது?"

முதலில் அந்த ஏசி விஷயம். கனெக்டட் லோடு என்பது நீங்கள் எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்பதற்கான கணக்கு இல்லை, ஜெனரேட்டர் லைனில் உங்களுக்காக எவ்வளவு இடம் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்பதற்கான கணக்கு. அவர் ஏசியை எப்பவாவது போடட்டும், ஆனால் போடும்போது ஓட வேண்டும் என்றால் அதற்கான இடம் எப்போதும் இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் ஏசி வயரை ஜெனரேட்டர் லைனிலிருந்து கழற்றிவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து குறைந்த லோடு எழுதிக்கொள்ளலாம். கழற்றாமல் குறைக்கக் கூடாது.

ஆனால் அவர் பேச்சில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை நீங்கள் ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஜெனரேட்டர் யாருக்கும் கரண்ட் கொடுக்காமல் சும்மா ஓடினாலே டீசல் குடிக்கும். உங்கள் அளவு மெஷின் சும்மா ஓட மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் எடுக்கும். அந்த லிட்டருக்கும் ஏசிக்கும் சம்பந்தம் இல்லை, ஒரே ஒரு ஃபேன் ஓட்டும் வீட்டுக்காகவும் இன்ஜின் சுற்றித்தான் ஆக வேண்டும். அதனால் டீசல் முழுவதையும் லோடு விகிதத்தில் பிரிப்பது பெரிய வீட்டுக்குக் கொஞ்சம் அநியாயம். சும்மா ஓட்டத்துக்கான டீசலை வீட்டுக்குச் சமமாகவும், மீதியை லோடுபடியும் பிரியுங்கள்.

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். முதல் இரண்டு வீடு தலா 600 வாட், அடுத்த இரண்டு தலா 1000, ஏசி வீடு 1800, மொத்தம் 5000 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் 24 மணி நேரம் ஓடியது, 48 லிட்டர் ஆனது. முழுக்க லோடுபடி பிரித்தால் ஏசி வீட்டுக்கு 17.28 லிட்டர், சின்ன வீட்டுக்கு 5.76. நான் சொன்ன மாதிரி செய்தால் சும்மா ஓட்டத்துக்கு 24 லிட்டர், வீட்டுக்கு 4.8. மீதி 24 லிட்டரில் ஏசி வீட்டுக்கு 8.64, சின்ன வீட்டுக்கு 2.88. ஆக ஏசி வீடு 13.44, சின்ன வீடு 7.68. நடுவில் இருக்கும் 1000 வாட் வீடுகளுக்கு இரண்டு முறையிலும் 9.6தான், ஏனென்றால் சராசரியே அதுதான். லிட்டரில் பிரித்து முடித்துவிட்டு, கடைசியில் அன்றைய டீசல் விலையால் பெருக்குங்கள். விலை மாறினாலும் கணக்கு மாறாது.

இனி லோடு எழுதுகிற இடம். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மின்வாரிய பில்லில் இருக்கும் லோடை எடுக்காதீர்கள், அது வீடு முழுவதற்கும் உள்ளது, உங்களுக்கு ஜெனரேட்டர் லைனில் உள்ள பாயிண்டுகள் மட்டும் போதும். எலக்ட்ரீஷியன் வாசலில் நின்று குத்துமதிப்பாக எழுதித் தரும் தாளையும் வாங்காதீர்கள். அப்படி எழுதின தாள்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், ஒன்றில்கூட அவர் வீட்டுக்குள் போன அடையாளம் இல்லை. மெயினை இறக்கி, ஜெனரேட்டரில் ஓடவிட்டு, எந்தெந்த பாயிண்டில் கரண்ட் வருகிறது என்று வீடு வீடாகப் பாருங்கள். அதோடு ஒவ்வொரு வீட்டு ஜெனரேட்டர் லைனிலும் ஒரு எம்.சி.பி போடுங்கள், 1000 வாட் எழுதியவருக்கு 6 ஆம்பியர் மாதிரி. அது துல்லியமாக 1000இல் நிறுத்தாது, ஆனால் யாராவது கெய்சரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்லவர்களும் தெரியாமல் தப்பாக எழுதுகிறார்கள். "எனக்கு இன்வெர்ட்டர் இருக்கு, ஜெனரேட்டர் எனக்கு அவ்வளவா தேவையில்லை" என்று 200 வாட் எழுதுவார். அந்த இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் லைனில் செருகியிருந்தால், ஜெனரேட்டர் கரண்ட் வந்ததும் அது மெயின் கரண்ட் வந்துவிட்டது என்றே நினைக்கும். உடனே வீட்டு ஃபேன், லைட் எல்லாவற்றையும் ஜெனரேட்டர் மேல் ஏற்றிவிட்டு, பேட்டரியையும் சார்ஜ் செய்யத் தொடங்கும். 150 ஏ.ஹெச் பேட்டரி ஒன்று 15 ஆம்பியரில் சார்ஜ் ஆனால், லைனிலிருந்து 250 முதல் 300 வாட் வரை இழுக்கும். இரண்டு பேட்டரி என்றால் இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடின பிறகு, அந்த வீட்டு ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜெனரேட்டர் ஓடும்போது வயரில் கிளாம்ப் மீட்டரைப் போடுங்கள். 1 ஆம்பியருக்கு மேல் காட்டினால் அது சார்ஜருடையது. அதையும் லோடில் சேருங்கள், இல்லை இன்வெர்ட்டர் செருகலை ஜெனரேட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள். இரண்டில் ஒன்று.

பூட்டியிருக்கும் வீடு சம பங்கை மட்டும் கொடுத்தால் போதும். தண்ணீர் மோட்டார் எல்லாருக்கும் பொது.

அடுத்து, டீசல் வாங்கி வருகிறவர். கேனில் வாங்கி வந்து தானே ஊற்றிவிட்டு பில்லை நீட்டுகிறவரிடம் கணக்கை ஒப்படைக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பில்லில் 20 லிட்டர், டேங்கில் 17 லிட்டர் என்பது வெளியே தெரியவே தெரியாது. மாதத் தொடக்கத்தில் டேங்கை ஒரு குறி வரை நிரப்புங்கள், மாதக் கடைசியில் அதே குறி வரை. நடுவில் ஊற்றியதும் கடைசியில் ஊற்றியதும் சேர்ந்ததுதான் அந்த மாதச் செலவு, இரண்டு வீட்டுக்காரர் நின்று பார்க்க வேண்டும். ஹவர் மீட்டரைப் போட்டோ எடுங்கள். மெஷினிலேயே அந்த மீட்டர் இருக்கிறது, அதை மாதம் ஒருமுறை எழுதிவைக்க ஒரு சங்கத்திலும் ஆள் கிடைப்பதில்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. மணிக்கு 2 லிட்டர் என்று வந்துகொண்டிருந்தது, புதிதாக ஒன்றும் சேர்க்காமல் திடீரென்று 2.6 ஆனால், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், எங்காவது ஒழுகலாம், இல்லை டீசல் டேங்குக்கு வரவே இல்லை.

மெசேஜை இப்படி எழுதுங்கள், நீட்ட வேண்டாம்:

"எல்லாருக்கும் வணக்கம். இந்த மாதம் ஜெனரேட்டர் 24 மணி நேரம் ஓடியது, மீட்டர் போட்டோ கீழே. டீசல் 48 லிட்டர், பில்லும் டேங்க் குறியும் போட்டோவில். இதில் 24 லிட்டர் சும்மா ஓட்டத்துக்கு, ஐந்து வீட்டுக்கும் சமம். மீதி 24 லிட்டர் லோடுபடி. 1ஆம், 2ஆம் வீடு 7.68, 3ஆம், 4ஆம் வீடு 9.6, 5ஆம் வீடு 13.44 லிட்டர். லோடு தப்பு என்று நினைப்பவர் ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள், சேர்ந்தே கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்ப்போம். மாற்றம் அடுத்த மாதக் கணக்கிலிருந்து."

அந்தக் கடைசி வரியை விடாதீர்கள், போன மாதக் கணக்கைத் திறந்தால் மூடவே முடியாது. இதற்குப் பிறகும் ஏசி வீட்டுக்காரர் ஒத்துவரவில்லை என்றால், ஜெனரேட்டர் லைனில் வீட்டுக்கு ஒரு சப் மீட்டர் போட்டு, அந்த மீதி 24 லிட்டரை மட்டும் யூனிட்படி பிரியுங்கள். சமப் பங்கு அப்போதும் அப்படியே இருக்கும்.