புதிதாகச் சேர்ந்தவர் குறிப்பு: எதை எழுதுவது, எதை விடுவது

கேள்வி: புது கம்பெனியில் சேர்ந்து 2 நாள்தான் ஆகிறது. டீம் பக்கத்தில் போடுவதற்கு என்னைப் பற்றி 80 வார்த்தைக்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குள் வேண்டுமாம். என் 9 வருடத்தில் 2 வருடம் வேலையில் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமா? தோழி ஒருத்தி, காசு கொடுத்தால் எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள் என்கிறாள். நான் எழுதியதை ரெஸ்யூமோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: காசு கொடுக்காதீர்கள், அந்த 2 வருடத்தைப் பற்றியும் எழுத வேண்டாம். நீங்கள் அனுப்பிய வரிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

"9 ஆண்டு அனுபவம் கொண்டவர். முன்னணி நிறுவனங்களில் பல்வேறு பொறுப்புகளை வகித்தவர். விடாமுயற்சியும் குழுவாகச் செயல்படும் திறனும் உடையவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் சக ஊழியருக்கு, எந்த வேலைக்காக உங்களைத் தேடி வரலாம் என்று தெரிகிறதா? தெரியவில்லை. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். உங்கள் ரெஸ்யூமைப் பார்த்தால் பில் தொடர்பான புகார்களைத் தீர்ப்பதுதான் உங்கள் கைத்திறமை. அந்த ஒரு விஷயம் நீங்கள் எழுதியதில் எங்குமே இல்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"(பெயர்) வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் மூத்த பொறுப்பாளராகச் சேர்ந்திருக்கிறார். பில்லில் வரும் தவறுகள், இரண்டு முறை பிடிக்கப்பட்ட பணம், ரீஃபண்ட் தாமதம் போன்ற புகார்களை அவர் கவனிப்பார். இதற்கு முன் 7 ஆண்டுகள், ஆன்லைன் டிக்கெட் விற்பனையிலும் கூரியர் துறையிலும் இதே வேலையைப் பார்த்தவர். ஒரு புகார் யாரிடம் தேங்கி நிற்கிறது என்று உடனே காட்டும் படிவத்தை அங்கே உருவாக்கினார். ஓய்வு நேரத்தில் பழைய கடிகாரங்களைப் பிரித்துச் சரிசெய்வார்."

80 வார்த்தை வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தமிழில் சொற்கள் சேர்ந்தே வருவதால் சுமார் 50 வார்த்தையிலேயே விஷயம் முடிந்துவிடும். 80 என்பது மேல் எல்லை, அதை நிரப்பியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதில் "இதற்கு முன் 7 ஆண்டுகள்" என்ற இடத்தைக் கவனியுங்கள். "7 ஆண்டு அனுபவம் உள்ளவர்" என்று எழுதினால் அடுத்த வருடமே அது பழசாகிவிடும். "இதற்கு முன்" என்று சொன்னால் எத்தனை வருடம் கழித்துப் படித்தாலும் கணக்கு சரியாகவே இருக்கும். நீங்கள் வேலை பார்த்த ஆண்டுகளை மட்டும் எண்ணியிருப்பதால் பொய்யும் இல்லை. 9 என்று போட்டிருந்தால்தான் சிக்கல். வேலையில் சேரும்போது கொடுத்த படிவத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே இருந்தீர்கள் என்று எழுதியிருப்பீர்கள். முந்தைய வேலைகளைச் சரிபார்ப்பவர்கள் அதை வைத்துத்தான் கேட்பார்கள். டீம் பக்கம் வேறு கணக்குச் சொன்னால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரே ஒரு சூழலில் அந்த இடைவெளியை எழுதலாம். அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு உதவும் ஒன்றைச் செய்திருந்தால். உதாரணமாக, வீட்டில் இருந்தபோது கணக்கியல் படிப்பு ஒன்றை முடித்தீர்கள் என்று வையுங்கள். பில் புகார்களைப் பார்ப்பவருக்கு அது நேரடியாக உதவும். அப்போதும் "2 வருட இடைவெளியில் படித்தார்" என்று எழுத வேண்டாம், "கணக்கியலில் சான்றிதழ் பெற்றவர்" என்று மட்டும் போதும். சொந்தமாகச் சிறு வேலைகள் எடுத்துச் செய்திருந்தாலும் அப்படித்தான், செய்த வேலையைச் சொல்லுங்கள். ஆனால் தெரிந்தவருக்கு ஒரு முறை ஒத்தாசை செய்ததை "ஆலோசகராகப் பணியாற்றினார்" என்று ஊதிப் பெரிதாக்காதீர்கள். யாராவது ஆர்வமாக "யாருக்கு, எவ்வளவு நாள்?" என்று கேட்டால் முதல் மாதத்திலேயே சங்கடம். குழந்தை, பெற்றோர், உடல்நிலை என்று காரணம் எதுவானாலும் அது உங்கள் சொந்த விஷயம். இந்தப் பக்கத்துக்கு அது தேவையே இல்லை.

அடுத்து, என்னை அதிகம் கவலைப்படுத்தும் விஷயம். அந்தப் பக்கம் கம்பெனிக்குள் மட்டும் தெரியுமா, வெளியாட்களும் பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். வெளியே தெரியும் என்றால், புதிதாகச் சேர்ந்தவர்களின் அறிவிப்புக்காகவே காத்திருக்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். சேர்ந்த சில நாளில் முதலாளியின் பெயரில் ஒரு மெயில் வரும். "மீட்டிங்கில் இருக்கிறேன், போன் பேச முடியாது, அவசரமாகக் கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணை அனுப்புங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று இருக்கும். பெயர் சரியாக இருக்கும், ஆனால் அனுப்பிய முகவரி கம்பெனியுடையதாக இருக்காது. புதியவருக்கு மேலதிகாரி எப்படி எழுதுவார் என்று தெரியாது, கேட்கவும் தயங்குவார். அந்தத் தயக்கத்தைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். அதனால் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் சொந்த போன் நம்பரையும் குறிப்பில் எழுதாதீர்கள்.

"உங்களைப் பற்றி சுவாரசியமான ஒன்று" என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்குமே, அதுவும் கவனமாக நிரப்ப வேண்டிய இடம். பிறந்த நாள், முதலில் படித்த பள்ளி, வளர்க்கும் நாயின் பெயர் என்று மனதில் வருவதை எழுதிவிடுகிறோம். பாஸ்வேர்டு மறந்தால் கேட்கப்படும் ரகசியக் கேள்விகளும் பெரும்பாலும் இவையேதான். நாய் வளர்ப்பதைச் சொல்லுங்கள், அதன் பெயரைச் சொல்லாதீர்கள். கடிகாரம் சரிசெய்வதை நான் தேர்ந்தெடுத்ததற்கும் இதுதான் காரணம். பேச்சைத் தொடங்க உதவும், யாருக்கும் சாவியாகாது.

எழுதித் தருபவர்களைப் பற்றி. நான் ஒரு நிறுவனத்தில் இந்தப் பக்கத்தைக் கவனித்தபோது, ஒரே மாதத்தில் சேர்ந்த 3 பேரின் குறிப்பில் நடு வரி எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தது. மூவரும் ஒரே ஆளிடம் தனித்தனியாகப் பணம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் அவர்கள் படம் வந்ததால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதைவிட மோசம், "உங்கள் ஆன்லைன் புரொஃபைலையும் சேர்த்துச் சரிசெய்கிறோம்" என்று பாஸ்வேர்டு கேட்பவர்கள். அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

சேர்ந்த 2 நாளில், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிடிபடும் முன்பே இதைக் கேட்கும் எச்.ஆர். வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. 3 வாரம் கழித்துக் கேட்டால் எல்லோருமே நன்றாக எழுதுவார்கள். கேட்பதற்கு இத்தனை அவசரப்படுகிறவர்கள், போட்ட பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. 2 வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவரின் படம் இன்னும் அங்கேயே இருக்கும். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் வாக்கியத்தில் மட்டும் "சேர்ந்திருக்கிறார்" என்று வரட்டும். அறிவிப்பு முடிந்ததும் "மூத்த பொறுப்பாளர்" என்று அதை மட்டும் மாற்றினால் மீதி அப்படியே நிற்கும். நாளை அனுப்பும்போதே, "ஒரு மாதம் கழித்து முதல் வரியை மாற்றித் தருகிறேன்" என்று மெயிலில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், பக்கத்தில் ஏற்றும் முன் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். அதிகம் தவறுவது பெயரும் இனிஷியலும்தான். மெயில் முகவரியில் ஒரு மாதிரி, டீம் பக்கத்தில் வேறு மாதிரி இருந்தால் உங்களைத் தேடுபவருக்குக் கிடைக்க மாட்டீர்கள்.